"பின்னணியை நீக்கித் தரவும்" என்று மட்டும் எழுதி கட்அவுட் ஆர்டர் கொடுக்காதீர்கள்

அடர் மெரூன் நிற மொஹேர் சால்வை ஒன்றின் படம், எடிட்டிங் செய்து தரும் ஒரு நிறுவனத்துக்குப் போனது. வெள்ளைப் பின்னணியில் எடுத்த படம். ஓரமெங்கும் மெல்லிய பஞ்சிழைகள், கீழ்ப்பக்கம் குஞ்சங்கள். ஆர்டரில் இருந்தது ஒரே வரி: "பின்னணியை நீக்கி, டிரான்ஸ்பரன்ட் பிஎன்ஜியாகத் தரவும்." அந்தச் சால்வையை வைக்கவிருந்த இடமோ ஏறக்குறையக் கறுப்பான பின்னணி. அதை யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மூன்று முறை கோப்பு வந்தது, ஒன்றுகூட உதவவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "டிரான்ஸ்பரன்ட் பிஎன்ஜி கேட்டீர்கள், கொடுத்துவிட்டோம்" என்றார்கள். ஆர்டரில் எழுதியிருந்ததை வைத்துப் பார்த்தால் அதை மறுக்க வழியில்லை. இந்த ஏமாற்றம் நடப்பதே அங்கேதான்.

முதலில் வந்த கோப்பில், பென் டூலால் சால்வையைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டியிருந்தார்கள். இழைகள் எல்லாம் போய்விட்டன. மொஹேர், அட்டையில் வெட்டி ஒட்டிய படம்போல ஆகிவிட்டது. குறை சொன்னதும் இரண்டாவது கோப்பு வந்தது: அதே கோட்டின்மேல் ஓரம் முழுக்க ஃபெதர், அதாவது ஓரத்தை மங்கலாக்கும் வேலை. இப்போது துணியின் நெசவு கூர்மையாக இருக்க, மடித்துத் தைத்த விளிம்பு மட்டும் ஃபோகஸ் தப்பியதுபோல மங்கிப்போனது. மூன்றாவதில், மெல்லிய பிரஷ்ஷால் புதிதாக இழைகளை வரைந்திருந்தார்கள். எல்லாம் ஒரே தடிமன், ஒரே வளைவு. படத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. வரைந்த இழைகளிலோ வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம் என்ற வேறுபாடே இல்லை.

இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இன்னொரு குறையும் இருந்தது. கறுப்பின்மேல் வைத்தவுடன் சால்வையைச் சுற்றி வெளிறிய ஒளிக்கோடு தெரிந்தது. வெட்டிய கோடு ஒரு பிக்சல் தள்ளிப் போனதுதான் காரணம் என்று பலர் நினைத்து, எந்தப் பகுதி தெரியும், எது மறையும் என்று தீர்மானிக்கும் மாஸ்கை உள்ளே தள்ளச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் மிச்சமிருக்கும் இழைகளும் போய்விடும். உண்மைக் காரணத்தை ஒரே ஒரு பிக்சலைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்.

இழையின் வெளிச்ச அளவு 90, வெள்ளைப் பின்னணி 255 என்று வையுங்கள். இழை பிக்சலில் பாதியை மட்டும் நிரப்புகிறது, அதாவது ஆல்ஃபா 0.5. கேமரா பதிவு செய்வது இரண்டின் கலவை, சுமார் 172. இதை அளவு 30 உள்ள கரும்பின்னணியில் வைக்கும்போது வர வேண்டியது:

```
0.5 × 90 + 0.5 × 30 = 60
```

ஆனால் ஆல்ஃபாவை மட்டும் சரிசெய்து, நிறத்தை அப்படியே விட்டுவிட்டால் வருவது:

```
0.5 × 172 + 0.5 × 30 = 101
```

101 என்பது இழையையும் (90) விட அதிகம், பின்னணியையும் (30) விட அதிகம். இரண்டிலும் இல்லாத வெளிச்சம் ஓரத்தில் வருவதால்தான் அது ஒளிர்வதுபோலக் கண்ணில் குத்துகிறது. ஆக, மாஸ்க் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் போதாது. பாதி தெரியும் பிக்சல்களின் நிறத்திலிருந்து பழைய வெள்ளையை எடுத்தாக வேண்டும். ஃபோட்டோஷாப்பில் Select and Mask பகுதியில் இருக்கும் Decontaminate Colors இதைத்தான் செய்கிறது: ஓர பிக்சல்களின் நிறத்தைப் பக்கத்திலுள்ள சால்வையின் நிறத்தால் மாற்றுகிறது. இதே கோப்பை வெள்ளைப் பக்கத்தில் வைத்திருந்தால் குறை தெரிந்தே இருக்காது. செய்து தருபவர்கள் மாதிரியை வெள்ளையில் வைத்துக் காட்டினால் எச்சரிக்கையாக இருங்கள்.

ஆர்டரில் எழுத வேண்டியதை ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

"இந்தப் படம் அடர் சாம்பல் பின்னணியில் வைக்கப்படும், பின்னணிக் கோப்பை இணைத்திருக்கிறோம், அதன்மேல் வைத்துப் பார்த்து அனுப்பவும். தைத்த விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும்: ஒரு பிக்சல் அளவுக்கு மென்மை போதும், ஃபெதர் வேண்டாம். சிவப்புக் கோட்டால் குறித்த பகுதிகளில் உள்ள இழைகள் அசல் படத்திலிருந்தே, பாதி ஒளிபுகும் தன்மையோடு வர வேண்டும். பிரஷ்ஷால் வரையக் கூடாது. இழைகளின் நிறத்தில் வெள்ளை கலந்திருக்கக் கூடாது. குஞ்சங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகள் முழுவதும் திறந்திருக்க வேண்டும். தரையில் விழுந்த நிழலைத் தனி லேயரில் தரவும். பிக்சல் அளவு அசல் படத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். பிஎன்ஜியோடு, அசல் படமும் மாஸ்கும் தனித்தனியே உள்ள லேயர் கோப்பும் வேண்டும்."

இதில் பேரம் பேசும்போது விட்டுக்கொடுக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, விளிம்பையும் இழையையும் பிரித்துச் சொல்வது. "ஓரம் நன்றாக இருக்கட்டும்" என்று பொதுவாக எழுதினால் படம் முழுவதும் ஒரே முறையில்தான் வெட்டுவார்கள். கூர்மையான ஓரத்துக்குச் சரிவருவது இழைக்குச் சரிவராது. மற்றது லேயர் கோப்பு. அது இருந்தால்தான், வேலை சரியில்லாதபோது இன்னொருவரிடம் கொடுத்துத் திருத்த முடியும். பிஎன்ஜி மட்டும் கையில் இருந்தால் அழிந்த இழையைத் திரும்ப எடுக்க வழியில்லை.

கோப்பு வந்ததும் முதலில் கறுப்பு, நடுத்தரச் சாம்பல், அடர் பச்சை என்று மூன்று நிறங்களின்மேல் வைத்து, 100 சதவீத அளவில் ஓரமாகச் சுற்றி வாருங்கள். பிறகு லேயர் மாஸ்கை Alt அழுத்திச் சொடுக்கித் தனியாகப் பாருங்கள். இழைகள் சாம்பல் நிறத்தின் பல படிகளில் இருக்க வேண்டும், குஞ்ச இடைவெளிகள் சுத்தக் கறுப்பாக இருக்க வேண்டும். கட்டளை வரியில் படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் மென்பொருள் இருந்தால் இந்த இரண்டு வரிகள் போதும்:

```
magick salvai.png -alpha extract -format "%k" info:
magick salvai.png -background "#1e1e1e" -flatten dark.png
```

முதல் வரி, ஆல்ஃபாவில் எத்தனை வெவ்வேறு அளவுகள் உள்ளன என்று சொல்லும். 1 என்று வந்தால் படத்தில் ஒளிபுகும் இடமே இல்லை. ஒளிபுகும் இடம்போலக் கட்டம்போட்ட பின்னணி தெரிந்தால், அது படத்தோடு சேர்த்து வரைந்தது. 2 என்றால் மென்மையே இல்லாமல் வெட்டியிருக்கிறார்கள். எண் பெரிதாக வந்தால் மட்டும் நல்ல வேலை என்று முடிவுகட்டாதீர்கள், ஃபெதர் போட்டாலும் பெரிய எண்தான் வரும். இரண்டாவது வரி கோப்பை அடர் சாம்பலில் வைத்துத் தரும். வெள்ளை ஓரம் இருந்தால் அதில் மறைய முடியாது.

சில குறைகளுக்கு வெட்டுபவரைக் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளைப் பின்னணியில் எடுத்த வெள்ளை இழை 255ஐத் தொட்டுவிட்டால், இழை எது, பின்னணி எது என்று பிரிக்கப் படத்தில் தகவலே இல்லை. ஃபோகஸுக்கு வெளியே போன குஞ்சமும், அதிகமாக அழுத்திச் சேமித்த ஜேபெக்கில் கட்டம் கட்டமாகச் சிதைந்த இழையும் அப்படித்தான். அங்கே சாம்பல் பின்னணியில் மறுபடி படம் எடுப்பதுதான் வழி. நேர்மையாக வேலை செய்பவர் பணம் வாங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவார்.

உங்களுக்குக் கிடைத்தவர் அப்படிப்பட்டவர்தானா என்று தெரிந்துகொள்ளச் சுலபமான வழி: முழுப் படத்தையும் கொடுக்காமல், இழையும் குஞ்சமும் தைத்த விளிம்பும் ஒன்றாக வரும் மூலையை மட்டும் சுமார் 600 பிக்சல் சதுரமாக வெட்டி, அதை மட்டும் கட்டணம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அந்தத் துண்டு கரும்பின்னணியில் தேறினால் மீதியைக் கொடுக்கலாம்.