120 மீட்டர் தள்ளியிருக்கும் மோட்டாருக்கு எந்த கேபிள்? 2.5, 4, 6, 10 சதுர மி.மீ. ஓர் ஒப்பீடு

கேபிள் வாங்கும்போது வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி, "இந்த கேபிள் இத்தனை ஆம்பியர் தாங்குமா?" என்பதுதான். 1.5 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். 2.5 சதுர மி.மீ. காப்பர் கேபிள் அதைச் சூடாகாமல் எளிதாகத் தாங்கும். ஆனால் தாங்கும் திறனுக்கும் தூரத்துக்கும் சம்பந்தமே இல்லை. பத்து மீட்டரானாலும் நூற்றிருபது மீட்டரானாலும் அந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான். நீளமான கேபிளில் தொல்லை தருவது சூடு அல்ல, வழியிலேயே தொலைந்துபோகும் வோல்டேஜ். அதனால் இங்கே கேபிள்களை வோல்டேஜ் இழப்பை வைத்தே ஒப்பிடுகிறோம்.

எடுத்துக்கொண்ட நிலவரம் இது: மெயின் போர்டில் 230 வோல்ட். அங்கிருந்து போர்வெல் வரை மண்ணுக்குள் 80 மீட்டர். போர்வெல்லுக்குள் மோட்டார் வரை இன்னும் 40 மீட்டர். மொத்தம் 120 மீட்டர். மின்சாரம் ஒரு கம்பியில் போய் இன்னொன்றில் திரும்பி வருவதால் கணக்குக்கு 240 மீட்டர். பலர் கணக்கில் தவறுவது இந்த இரட்டிப்பில்தான். போர்வெல் ஆழத்தை அடியோடு மறந்துவிடுவதும் உண்டு.

காப்பருக்கு நினைவில் வைக்க எளிதான எண் 0.02. ஒரு சதுர மி.மீ. தடிமனில் ஒரு மீட்டர் கம்பியின் மின்தடை, ஓம் அளவில். தூய காப்பருக்குச் சற்றுக் குறைவாகவே வரும். முறுக்கிய இழைகளின் கூடுதல் நீளம், கம்பி சற்றுச் சூடாவது இரண்டையும் சேர்த்தால் 0.02 நடைமுறைக்குப் பொருந்துகிறது.

```
R = 0.02 × 2 × L ÷ A
வோல்டேஜ் இழப்பு = I × R
வாட் இழப்பு = I × I × R
```

L ஒருவழி நீளம் மீட்டரில், A தடிமன் சதுர மி.மீ.யில், I மின்னோட்டம் ஆம்பியரில். மோட்டாரின் பவர் ஃபாக்டரைச் சேர்த்துப் பார்த்தால் உண்மையான வோல்டேஜ் இழப்பு சற்றுக் குறையும். ஆகவே இந்தக் கணக்கு நம்மைப் பாதுகாப்பான பக்கமே வைக்கிறது.

| கேபிள் | மின்தடை | வோல்டேஜ் இழப்பு | சதவீதம் | கேபிளில் வீணாகும் வாட் |
|---|---|---|---|---|
| 2.5 ச.மி.மீ. | 1.92 ஓம் | 19.2 | 8.3 | 192 |
| 4 ச.மி.மீ. | 1.2 ஓம் | 12 | 5.2 | 120 |
| 6 ச.மி.மீ. | 0.8 ஓம் | 8 | 3.5 | 80 |
| 10 ச.மி.மீ. | 0.48 ஓம் | 4.8 | 2.1 | 48 |

மோட்டாருக்கு 5 சதவீதத்துக்குள் இழப்பை நிறுத்துவது நல்லது. அந்தக் கோட்டில் 2.5 வெளியே நிற்கிறது, 4 விளிம்பில் நிற்கிறது. 2.5ல் இழப்பு அட்டவணை காட்டுவதைவிட ஏறவும் கூடும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளாது. தூக்க வேண்டிய தண்ணீர் அதே அளவுதான் என்பதால் வேகம் சற்றுத் தளர்ந்து, கூடுதல் ஆம்பியர் இழுக்கும். அந்தக் கூடுதல் ஆம்பியர் கேபிளில் இழப்பை இன்னும் ஏற்றும், மோட்டாரின் சுருளையும் சூடாக்கும். கேபிள் தொட்டால் குளிர்ச்சியாகவே இருக்கும். காயில் எரிவது 120 மீட்டருக்கு அப்பால்.

ஓடும்போது இருப்பதைவிடக் கிளம்பும் நொடியில்தான் வித்தியாசம் கூர்மையாகத் தெரியும். இந்த மோட்டார் முழு 230 வோல்ட்டில் கிளம்பும்போது 40 ஆம்பியர் இழுக்கும் என்று கொள்வோம். கேபிளின் மின்தடையும் சேர்ந்துகொள்வதால், 2.5 கேபிளில் மோட்டார் முனைக்கு வந்து சேர்வது ஏறக்குறைய 172 வோல்ட். முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால் மிஞ்சுவது 56 சதவீதம். 4ல் அது 68, 6ல் 77, 10ல் 85 சதவீதம். சுத்தமான தண்ணீரில் உள்ள பம்ப் கிளம்பப் பெரிய விசை கேட்காது. 56 சதவீதத்திலும் பெரும்பாலும் கிளம்பிவிடும். மெயின் போர்டிலேயே 200 வோல்ட்தான் வருகிறது என்றால் கதை மாறும். 2.5 கேபிளின் முனையில் சுமார் 150 வோல்ட், முறுக்குவிசை 43 சதவீதம். இம்பெல்லரில் கொஞ்சம் மணல் சேர்ந்திருந்தால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், சில நொடிகளில் ஓவர்லோடு ரிலே விழும். அதே 200 வோல்ட்டில் 6 கேபிள் 58 சதவீதம் தருகிறது. வோல்டேஜ் அடிக்கடி இறங்கும் இடத்தில் 4ஐ விட்டு 6க்குப் போக இந்த ஒரு காரணம் போதும்.

அப்படியானால் நேராக 10க்கே போய்விடலாமா? மின் சேமிப்புக்காக என்றால் வேண்டாம். நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓட்டினால் 1,800 மணி நேரம். கேபிளில் மட்டும் வீணாவது 2.5ல் 346 யூனிட், 4ல் 216, 6ல் 144, 10ல் 86. இதை காப்பரின் எடையோடு வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கேபிளின் விலை பெரும்பாலும் அந்த எடைதான். 240 மீட்டர் கம்பிக்கு ஒவ்வொரு சதுர மி.மீ.யும் சுமார் 2.15 கிலோ காப்பர். 2.5லிருந்து 4க்குப் போகும்போது கூட்டும் ஒவ்வொரு கிலோவும் ஆண்டுக்கு 40 யூனிட் மிச்சம் தருகிறது. 4லிருந்து 6க்கு கிலோவுக்கு 17 யூனிட். 6லிருந்து 10க்கு கிலோவுக்கு 7 யூனிட்கூட இல்லை. முதல் படி கட்டாயம், இரண்டாவது படி பெரும்பாலும் சரி, மூன்றாவது படி மோட்டார் நாள் முழுக்க ஓடினாலோ பிறகு பெரிய மோட்டார் போடும் எண்ணம் இருந்தாலோ மட்டும். நாளுக்கு அரை மணி நேரம் தொட்டி நிரப்பும் மோட்டாருக்கு யூனிட் கணக்கைப் பார்க்கவே வேண்டாம். அங்கே முடிவு செய்வது கிளம்பும் வோல்டேஜ் மட்டும்தான்.

இதுவரை 120 மீட்டரும் ஒரே கேபிள் என்று பார்த்தோம். உண்மையில் மண்ணுக்குள் ஒன்று, போர்வெல்லுக்குள் தட்டையான வேறொன்று என இரண்டு இருக்கும். மேலே தடித்த கேபிள் போட்டுவிட்டு உள்ளே மோட்டாருடன் வந்த மெல்லிய கேபிளையே தொடர்வது பரவலான வழக்கம். கணக்கு அதற்கு எதிராகப் பேசுகிறது. 80 மீட்டர் 10ம் உள்ளே 40 மீட்டர் 2.5ம் போட்டால் மொத்த மின்தடை 0.96 ஓம், இழப்பு 9.6 வோல்ட். 80 மீட்டர் 6ம் உள்ளே 40 மீட்டர் 4ம் போட்டால் 0.93 ஓம், இழப்பு 9.3 வோல்ட். இரண்டாவதில் காப்பர் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு, பலனோ ஒரு படி மேல். (ஸ்டார்ட்டர் பெட்டி போர்வெல் தலையில் இருந்தால் உள்ளே மூன்று கம்பி போகும், மூன்றிலும் ஒரே மின்னோட்டம் ஓடாது, இரண்டு கம்பியாகவே கணக்கிட்டாலும் தேர்வு மாறாது.) உள்கேபிளை மாற்ற மோட்டாரை மேலே தூக்க வேண்டும் என்பதால், இந்த முடிவை மோட்டார் இறக்கும் முன்பே எடுத்தாக வேண்டும்.

தடித்த கேபிளுக்குப் போட்டியாக முதலில் சொல்லப்படுவது ஸ்டெபிலைசர். மோட்டார் பக்கத்தில் வைத்தால் அது 209 வோல்ட்டை 230 ஆக்கித் தரும்தான். அதற்காகக் கேபிளிலிருந்து 10க்குப் பதில் 11 ஆம்பியர் இழுக்கும். 2.5 கேபிளில் வீணாவது 192லிருந்து சுமார் 232 வாட்டாக ஏறும். ஸ்டெபிலைசரின் சொந்த இழப்பு தனி. மெயின் போர்டிலேயே வோல்டேஜ் குறைவு என்றால் ஸ்டெபிலைசர் சரியான மருந்து, அதுவும் போர்டு பக்கத்தில். கேபிளின் குறையை அது மறைக்கும், தீர்க்காது.

த்ரீ ஃபேஸ் கிடைக்கும் இடத்தில் போட்டியே இல்லை. அதே 1.5 எச்.பி. மோட்டார் 400 வோல்ட் த்ரீ ஃபேஸில் சுமார் 3 ஆம்பியர்தான் எடுக்கும். 120 மீட்டருக்கு மூன்று கோர் 2.5 கேபிள் போட்டாலும் இழப்பு 5 வோல்ட், அதாவது 1.3 சதவீதத்துக்குள். வீணாவது 26 வாட். சிங்கிள் ஃபேஸில் 10 சதுர மி.மீ. தரும் பலனை இது மிஞ்சுகிறது.

அலுமினியத்தை மண்ணுக்குள் ஓடும் பகுதிக்கு மட்டும் யோசிக்கலாம். 10 அலுமினியம் 6 காப்பருக்குச் சமம், 16 அலுமினியம் ஏறக்குறைய 10 காப்பருக்குச் சமம். இணைப்பில்தான் கவனம் வேண்டும். அலுமினியத்தையும் காப்பரையும் நேராக முறுக்கிச் சேர்த்தால் ஈரத்தில் அரிக்கும். இறுக்கிய ஸ்க்ரூவும் நாளடைவில் தளரும். பைமெட்டல் லக் போட்டு, ஆக்சைடு தடுக்கும் பசை தடவி இறுக்குங்கள். போர்வெல்லுக்குள் காப்பர் மட்டுமே.

ஏற்கெனவே போட்ட கேபிளைச் சோதிப்பவர்கள் மோட்டாரை நிறுத்திவிட்டு முனையில் அளந்து, 230 இருக்கிறது என்று திருப்தியடைகிறார்கள். மின்னோட்டம் இல்லாதபோது எவ்வளவு மெல்லிய கேபிளும் முழு வோல்டேஜைத்தான் காட்டும். மோட்டார் ஓடும்போது போர்டிலும் போர்வெல் தலையிலும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மண்ணுக்குள் இருக்கும் கேபிளின் இழப்பு. ஓடத் தொடங்கியதும் போர்டிலேயே வோல்டேஜ் நன்றாக இறங்கினால், அந்தப் பங்கு சப்ளை லைனுடையது. நம் கேபிளை எவ்வளவு தடிப்பாக்கினாலும் அது திரும்பி வராது. கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரையும் பார்த்துக் கணக்கோடு ஒப்பிடுங்கள். 80 மீட்டர் 6 சதுர மி.மீ. கேபிளில் 10 ஆம்பியருக்கு 5 வோல்ட்டை ஒட்டித்தான் இழப்பு வர வேண்டும். 12 வோல்ட் காட்டினால் கேபிளை மாற்றக் கிளம்பாதீர்கள். நடுவில் ஒரு ஜாயின்ட்டோ, மெயின் சுவிட்ச்சின் ஒரு டெர்மினலோ கருகிக்கொண்டிருக்கிறது. மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பின் மின்சாரத்தை முழுவதும் நிறுத்தி, டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பாருங்கள். சுடும் இணைப்பை வெட்டி, புதிதாக லக் அடித்து இறுக்கிய பிறகு மறுபடி அளந்தால் எண் 5க்கு அருகே இறங்கியிருக்க வேண்டும்.