முதலில் ‘எந்த சிலிண்டர்?’ என்று கேளுங்கள்: இன்ஜின் மிஸ் ஆனதில் நான் இழந்த 8,320 ரூபாய்

மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூருக்கு வாரம் ஒருமுறையாவது காரில் போய் வருகிறேன். 2008 மாடல் சின்ன பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர். புரட்டாசியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீசுக்கு விட்டு எடுத்தேன். ஐப்பசி மழை ஆரம்பித்ததும் வண்டியில் கோளாறும் ஆரம்பித்தது. கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் மூன்றாவது கியரில் மிதித்தால் வண்டி விட்டு விட்டு இழுத்தது. சமதளத்தில் ஓரளவு ஒழுங்காக ஓடும். மழை பெய்த காலைகளில் மட்டும் ஐட்லிங்கிலேயே ஸ்டீயரிங் நடுங்கும்.

அதே ஒர்க்‌ஷாப்புக்குத்தான் திரும்பப் போனேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே நடந்தது வேறு எங்கேயும் நடக்கலாம், அதனால் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

போன உடனே, “பேட்டரி வீக் சார், அதான் கரன்ட் பத்தல” என்றார்கள். நான் முந்தின இரவு நிறுத்திய வண்டியில் காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்திருந்தேன். 12.6 வோல்ட் இருந்தது. ஸ்டார்ட் செய்தபின் 14.1. ஸ்டார்ட்டர் ஒரே சுற்றில் இன்ஜினைத் தூக்கிவிடும். இதையெல்லாம் சொன்னேன். “லோடுல விழுதுங்க சார், மீட்டர்ல தெரியாது” என்று பதில் வந்தது. எனக்கு அப்போது எதிர்த்துப் பேசும் அளவுக்கு விவரம் இல்லை. பழைய பேட்டரியைக் கொடுத்ததுபோக 3,900 ரூபாய் கட்டினேன். அன்று வெயில், வண்டியும் நன்றாக ஓடியது, நம்பிவிட்டேன். அடுத்த மழையில் அதே இழுப்பு.

அந்தப் பதில் ஏன் தவறு என்று இப்போது தெரிகிறது. இன்ஜின் ஓட ஆரம்பித்த பிறகு, பிளக்கில் பொறி உண்டாக்கும் காயிலுக்கு மின்சாரம் கொடுப்பது பெரும்பாலும் ஆல்டர்னேட்டர்தான். ஓடும்போது மீட்டர் 14 வோல்ட் காட்டுகிறது என்றால் காயிலுக்குப் போகவேண்டியது போகிறது. பேட்டரி தளர்ந்திருந்தால் அது ஸ்டார்ட் செய்யும்போது தெரியும், ஸ்டார்ட்டர் முனகும். ஏற்றத்தில் மட்டும், ஈரத்தில் மட்டும் மிஸ் ஆவதற்கு, அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவதற்கு, அதைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாம் முறை போனபோது காயில் போய்விட்டது என்றார்கள். பிளக் ஒயர்களைக் கழற்றி மீட்டர் வைத்து, நான்கும் சரியாக இருக்கிறது என்று என் கண் முன்னால் காட்டினார்கள். காயில் 3,200, நான்கு புது பிளக் 720, கூலி 500. ஆக 4,420 ரூபாய். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைப்பது எங்கள் வீட்டில் அப்பா காலத்துப் பழக்கம். கேட்டதும் பழைய காயிலைக் கொடுத்தார்கள். பழைய பிளக்குகளைக் கேட்டால், “குப்பையில போட்டாச்சு சார்” என்றார்கள்.

மறுநாள் மழை. வண்டி மறுபடியும் நடுங்கியது.

அப்புறம்தான் காரமடைப் பக்கம் தனியாக ஷெட் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். சாயங்காலம் ஆறரை மணி, தூறல். அவர் கேட்ட முதல் கேள்வியே, “எந்த சிலிண்டர் மிஸ் ஆகுதுன்னு பாத்தாங்களா தம்பி?” என்பதுதான். யாரும் பார்க்கவில்லை. இரண்டு பில், எட்டாயிரம் ரூபாய், ஆனால் எந்த சிலிண்டர் என்று ஒருவரும் தேடவில்லை.

அவர் தேடிய முறை மிக எளிது. இன்ஜினை ஓடவிட்டு, சிலிண்டருக்குப் பெட்ரோல் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். 1, 2, 3 கழற்றும்போது இன்ஜின் சட்டென்று தளர்ந்தது, அதாவது அந்த மூன்றும் வேலை செய்துகொண்டிருந்தன. 4-ஐக் கழற்றியபோது சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. அது ஏற்கெனவே சும்மாதான் இருந்தது. பழைய ஆட்கள் பிளக் ஒயரையே உருவி இப்படிப் பார்ப்பார்கள், அதைச் செய்யாதீர்கள் என்றும் சொன்னார். கையில் ஷாக் அடிப்பது ஒரு பக்கம், போக வழியில்லாத மின்சாரம் நல்ல காயிலையும் கெடுத்துவிடும்.

நான்காவது மட்டும் என்று தெரிந்ததுமே அவர், “அப்போ காயில் இல்லீங்க தம்பி” என்றார். எனக்குப் புரியவில்லை, விளக்கினார். என் வண்டியில் காயில் பெட்டி ஒன்று, அதற்குள் காயில் இரண்டு. ஒரு காயில் 1-க்கும் 4-க்கும், இன்னொன்று 2-க்கும் 3-க்கும். ஒரே காயிலில் இருந்து இரண்டு பிளக்குக்கும் ஒரே நேரத்தில் பொறி போகிறது. அந்தக் காயில் தளர்ந்தால் 1, 4 இரண்டுமே தடுமாறவேண்டும். 1 நன்றாக வேலை செய்து 4 மட்டும் சும்மா இருக்கிறது என்றால், கோளாறு காயிலைத் தாண்டி, பெரும்பாலும் ஒயரிலோ பிளக்கிலோ இருக்கிறது. ஒரே ஒரு விதிவிலக்கு, காயிலில் ஒயர் செருகும் கொம்பில் விரிசல் விழுந்து அதன் வழியாகக் கசிவது. அதையும் டார்ச் அடித்துப் பார்த்தார், சுத்தமாக இருந்தது.

உண்மையிலேயே காயில் தளரும்போது அடையாளம் வேறு மாதிரி இருக்கும் என்றார். காலையில் குளிர்ந்த இன்ஜினில் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் ஓடி சூடான பிறகு இரண்டு சிலிண்டர் ஜோடியாக விழும், வண்டி பாதி பலத்தில் தள்ளாடும், நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி சரியாகும். குளிர்ந்த நிலையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் அந்தக் காயிலும் நல்ல அளவையே காட்டும்.

அடுத்தது பிளக். நான்கையும் கழற்றினார். எனக்கு வயிறு எரிந்தது அப்போதுதான். ஒன்றுகூட புதியதில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பளபளப்பாக்கி அதையே திரும்பப் போட்டிருந்தார்கள். நடு முனை கூர்மையான விளிம்பு போய் உருண்டிருந்தது. கேஜ் வைத்து அளந்தார், இடைவெளி 1.3 மில்லிமீட்டர். என் வண்டியின் புத்தகத்தில் இருப்பது 1.0 முதல் 1.1 வரை. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. தேய்மானம் நான்கிலும் ஒரே அளவு, அப்படியிருக்க ஒன்று மட்டும் ஏன் மிஸ் ஆகவேண்டும்? 4-ன் பிளக்கை 2-லும், 2-ன் பிளக்கை 4-லும் மாற்றிப் போட்டு மறுபடி இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தார். 2 நன்றாக வேலை செய்தது. 4 இன்னும் சும்மாதான். கோளாறு பிளக்கோடு நகர்ந்திருந்தால் பிளக் குற்றவாளி. நகரவில்லை.

மிச்சம் ஒயர். ஒர்க்‌ஷாப்பில் மீட்டர் வைத்து நல்லது என்று காட்டிய அதே ஒயர். அவரும் மீட்டர் வைத்தார், மற்ற மூன்றோடு ஒத்துத்தான் இருந்தது. நான் கொஞ்சம் சோர்ந்துவிட்டேன். அவர் ஷெட் விளக்கை அணைத்தார், பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலில் இருந்து ஒயர்கள்மேல் லேசாகப் பனிபோல அடித்தார், இன்ஜினைக் கொஞ்சம் மிதிக்கச் சொன்னார். பானட்டுக்குள் டிக் டிக் என்ற சத்தத்தோடு, நான்காவது ஒயரின் நடுவில் இருந்து பக்கத்தில் இருந்த இரும்புப் பிராக்கெட்டுக்கு நீலமாகப் பொறி தாவியது. என் கண்ணால் பார்த்தேன்.

மீட்டர் ஏன் ஏமாற்றியது என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ளவேண்டும். மீட்டர் அளப்பது ஒயரின் உள்ளே ஓடும் கடத்தியை. அது முழுதாக இருந்தால் அளவு சரியாக வரும். வெளியே இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று மீட்டருக்குத் தெரியாது, ஏனென்றால் அதில் இருப்பது சின்ன பேட்டரி. ஓடும் இன்ஜினில் அந்த ஒயரில் போவது ஆயிரக்கணக்கான வோல்ட், அது மெல்லிய இடம் கிடைத்தால் அந்த வழியே பாய்ந்துவிடும். உள்ளே கடத்தி அறுந்த ஒயரைத்தான் மீட்டர் காட்டிக்கொடுக்கும், கசியும் ஒயரைக் காட்டாது.

ஏற்றத்தில் மட்டும் இழுத்ததற்கும் அங்கேயே விடை கிடைத்தது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவது மின்சாரத்துக்குக் கடினம். பிளக் தேய்ந்து இடைவெளியும் அகன்றிருந்ததால் இன்னும் கடினம். பக்கத்தில் கிழிந்த உறை வழியாக பிராக்கெட்டுக்குத் தாவுவது சுலபம், ஈரம் இருந்தால் இன்னும் சுலபம். தேய்ந்த பிளக் தனியாக மிஸ் ஆக்கவில்லை, ஆனால் கசிவுக்குத் துணை நின்றிருக்கிறது.

சரி, உறை ஏன் கிழிந்தது? ஒயர்களை இன்ஜினில் படாமல் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று உண்டு. அதைக் காணவில்லை. புரட்டாசி சர்வீசில் பிளக் கழற்றியபோது எடுத்தவர்கள் திரும்ப மாட்டவே இல்லை. ஒயர் பிராக்கெட்டின் விளிம்பில் உரசி உரசி உறை கிழிந்திருக்கிறது. அவர்கள் விட்ட தவறுக்கு என்னிடமே இரண்டு முறை பணம் வாங்கியிருக்கிறார்கள்.

ஒயர் செட் 850, உண்மையான புது பிளக் நான்கு 600, ஒரு கிளிப், கூலி 300. பிளக் போடும்போது ஒயரின் ரப்பர் தொப்பியின் உட்புறத்தையும் பழைய பிளக்கின் வெள்ளைப் பீங்கானையும் எனக்குக் காட்டினார். சில வண்டிகளில் கசிவு அங்கே நடக்கும், பீங்கானில் பென்சிலால் கிழித்ததுபோல மெல்லிய கரிக்கோடு விழுந்திருக்கும். அப்படிக் கோடு இருந்தால் பிளக், தொப்பி இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றதில் உள்ள கோடு புதியதையும் கெடுத்துவிடும்.

ஒயரே இல்லாமல் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கும் புது வண்டிகளுக்கும் இதே வழிதான். மிஸ் ஆகும் சிலிண்டரின் காயிலைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். மிஸ் கூடவே நகர்ந்தால் காயில், நகராவிட்டால் அடுத்து பிளக்கை மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் மிஸ் நகராவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வேறு பக்கம் தேடவேண்டும். எதுவானாலும் மிஸ் ஆகும் வண்டியை வாரக்கணக்கில் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும், அதன் விலையோடு பார்த்தால் நான் இழந்தது ஒன்றுமே இல்லை.

வேலை முடிந்ததும் பெரியவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். வண்டியில் இருந்த புதுக் காயிலைக் கழற்றிவிட்டு, ‘போய்விட்டது’ என்று சொன்ன என் பழைய காயிலையே மாட்டச் சொன்னேன். மறுநாள் காலை மழையிலேயே குன்னூர் வரை ஏறி இறங்கினேன். ஒரு இடத்தில்கூட மிஸ் ஆகவில்லை.

புதுக் காயில், தேய்ந்த நான்கு பிளக், கிழிந்த ஒயர், இரண்டு பில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பிளக்குக்கு வாங்கிய 720 ரூபாயை மட்டும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்கள். காயிலைத் திரும்ப எடுக்க மாட்டோம், மின்சாதனப் பாகம் ரிட்டர்ன் கிடையாது என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பழைய காயில் இன்னும் என் வண்டியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.