கரண்ட் போன நேரத்தில் ரோலருக்குள் கை: ஒரே தவறுக்கு மூன்று மெமோ

கோத்தகிரிப் பக்கத்து டீ ஃபேக்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரவு ஷிஃப்ட், மழை. ஈர இலை சரியாக வாடாமல் வந்ததால் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. மெஷினின் வாயில் அது அடைத்துக்கொண்டது. 9.40க்கு கரண்டும் போனது. ஆபரேட்டர் காப்பு மூடியைக் கழற்றி, இரண்டு ரோலர்களுக்கும் நடுவே இருந்த இலையைக் கையால் தோண்டி எடுத்தார். மெஷினுக்கு வரும் கரண்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டரை ஆஃப் செய்யவில்லை, வேறு யாரும் அதை ஆன் செய்யாதபடி பூட்டும் போடவில்லை. நான்கு நிமிடத்தில் ஜெனரேட்டர் ஓடியது. பேனல் பக்கம் நின்றவர் வழக்கம்போல் லைனை ஸ்டார்ட் செய்தார். அந்த நொடியில் ஆபரேட்டர் பிரஷ் எடுக்கத் திரும்பியிருந்ததால் அடி எதுவும் படவில்லை.

மறுநாள் அவருக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுக்க வேண்டும். இது எடுத்துக்காட்டுக்காகச் சொன்ன சம்பவம்தான். ஆனால் மழைக்காலத்தில் மலையில் ஃபேக்டரி நடத்துகிறவர்களுக்கு இதில் எந்தப் பகுதியும் புதிதாக இருக்காது. இந்த மெமோவை மூன்று விதமாக எழுதலாம்.

முதல் வகைதான் ஃபைல்களில் அதிகம் கிடைப்பது:

"மேற்படி தேதியில் தாங்கள் பாதுகாப்பு விதி எண் 7ஐ மீறி, காப்பு மூடியை அகற்றி, பூட்டுப் போடாமல் பணிபுரிந்தது தெரியவந்துள்ளது. இது ஒழுங்கீனமாகும். இனி இவ்வாறு நடந்தால் கடுமையான நடவடிக்கை எடுக்கப்படும் என்று இதன்மூலம் எச்சரிக்கப்படுகிறீர்கள்."

இதில் பொய் எதுவும் இல்லை. சுருக்கமானது, பின்னாளில் விசாரணை என்று வந்தால் எடுத்துக் காட்டவும் வசதி. ஆனால் ஆபரேட்டர் ஏன் பூட்டுப் போடவில்லை என்பதை இது தொடவே இல்லை. அவர் சோம்பலில் விட்டுவிடவில்லை. கரண்ட் இல்லாத மெஷின் செத்த மெஷின், அதற்கு எதற்குப் பூட்டு என்று நினைத்தார். மெமோவைப் படித்த பிறகும் அந்த நினைப்பு அப்படியே இருக்கும். கூடுதலாக அவர் தெரிந்துகொள்வது, யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள் என்பது மட்டும். அடுத்த பவர் கட்டில் அவர் முதலில் பார்ப்பது சூப்பர்வைசர் எங்கே நிற்கிறார் என்பதை.

இரண்டாம் வகை இதற்கு நேர் எதிர். விதியைப் பற்றி அதிகம் பேசாது, பயத்தைப் பேசும்:

"உங்கள் கை துண்டாகியிருக்கும். உங்கள் குடும்பத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தீர்களா? உயிர் போனால் யார் திருப்பித் தருவார்கள்?"

நல்ல மனதோடு எழுதுகிறவர்கள்தான் இப்படி எழுதுகிறார்கள். ஆனால் ரோலர் கையை என்ன செய்யும் என்று ரோலர் ஆபரேட்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடுகிற ரோலரில் அவர் கை வைக்கவும் இல்லை. அதனால் அவருக்கு ஒரே வரியில் பதில் இருக்கிறது: "சார், அப்போ கரண்டே இல்லையே." இந்தப் பதிலோடு மெமோவின் வேகம் அடங்கிவிடுகிறது. குடும்பத்தை இழுத்து எழுதினால் அவமானப்படுத்திவிட்டார்கள் என்ற பேச்சும் வரும், யூனியன் ஆள் அதைத்தான் முதலில் பிடிப்பார். "உயிர் போனால்" என்ற மிகையும் எழுதியவருக்கே எதிராகத் திரும்பும். இந்த மெஷினில் பெரும்பாலும் போவது விரலும் கையும். நடக்கக்கூடியதை விட்டுவிட்டுப் பெரிதாகச் சொன்னால், எழுதியவருக்கு மெஷின் தெரியாது என்று ஆபரேட்டர் முடிவுகட்டிவிடுவார்.

மூன்றாம் வகை ஆபத்தைச் சொல்லும், பயமுறுத்தாது. ஆபத்து எந்த வழியாக வந்தது என்று சொல்லும். எழுதுவதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தரையில் நின்று பார்க்க வேண்டும்.

ஒன்று, பேனலிலிருந்து மெஷின் வாய் தெரிகிறதா? பல ஃபேக்டரிகளில் தெரியாது. கன்வேயரும் ரோட்டர்வேனும் மறைக்கும், வெளிச்சமும் குறைவு. கரண்ட் போனால் ஸ்டார்ட்டரிலுள்ள நோ-வோல்ட் காயில் விடுபட்டுவிடும். அதனால் கரண்ட் திரும்பியதும் மோட்டார் தானாக ஓடாது, ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும். இது பாதுகாப்பு போலத் தெரியும். ஆனால் ஜெனரேட்டர் வந்ததும் லைனை ஸ்டார்ட் செய்வதுதான் பேனல்காரரின் வேலை. அவர் கண்ணுக்குக் கை தெரியாது. ஆக, இங்கே ஆபத்து கரண்டில் இல்லை, பொத்தானில் இருக்கும் அடுத்தவர் விரலில் இருக்கிறது. ஆபரேட்டருக்குப் புரியாமல் போனது இதுதான். மெமோவின் நடு வரியும் இதுவாகவே இருக்க வேண்டும்.

இரண்டு, ரோலரின் வேகம். சி.டி.சி.யில் இரண்டு ரோலர்களும் எதிரெதிராக உள்நோக்கிச் சுற்றும், ஒன்றின் வேகம் மற்றதைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு. நிமிடத்துக்கு 70, 700 சுற்று என்ற கணக்கு பல இடங்களில் உண்டு. 8 அங்குல ரோலரின் சுற்றளவு சுமார் 64 செ.மீ. மெதுவான ரோலரே 70 சுற்றில் நொடிக்கு 74 செ.மீ. இழுக்கிறது. தொட்டதை உணர்ந்து கையை இழுக்க ஒருவருக்குக் கால் நொடியாவது ஆகும். அதற்குள் 18 செ.மீ. உள்ளே போய்விடும், அதாவது விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை. வேகமான ரோலரைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. உங்கள் மெஷினின் அளவு வேறாக இருந்தால் அதை வைத்துக் கணக்கிட்டு எழுதுங்கள். ஆபரேட்டர் தன் மெஷின் எண்ணை நம்புவார், பொதுவான எண்ணை நம்பமாட்டார்.

இவற்றை வைத்து எழுதினால் இப்படி வரும்:

"நேற்று இரவு 9.40க்கு கரண்ட் போனபோது, 2ஆம் சி.டி.சி.யின் காப்பு மூடியைத் திறந்து அடைப்பைக் கையால் எடுத்தீர்கள். ஐசொலேட்டர் ஆன் நிலையிலேயே இருந்தது, உங்கள் பூட்டு அதில் இல்லை. 9.44க்கு ஜெனரேட்டர் வந்ததும் பேனலில் இருந்தவர் ஸ்டார்ட் செய்தார். அவர் நிற்கும் இடத்திலிருந்து உங்கள் கை தெரியாது. நீங்கள் திரும்பியிருக்காவிட்டால், நீங்கள் கையை இழுக்கும் முன்பே ரோலர் மணிக்கட்டு வரை இழுத்திருக்கும். கரண்ட் போனது மெஷினை நிறுத்தியது, பூட்டவில்லை. மூடியைத் திறக்கும் முன் ஐசொலேட்டரை ஆஃப் செய்து, உங்கள் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்து, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி மெஷின் ஓடவில்லை என்று பார்க்க வேண்டும் என்பது விதி. இதை நீங்கள் செய்யவில்லை. உங்கள் விளக்கத்தையும் பார்த்த பின் இதை எச்சரிக்கையாகப் பதிவு செய்கிறோம். மீண்டும் நடந்தால் நிலையாணைப்படி மேல் நடவடிக்கை வரும். நிர்வாகம் செய்வது: ஜெனரேட்டர் வந்தாலும், மெஷின் பக்கத்திலிருந்து ஆள் குரல் கொடுக்காமல் லைனை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று இன்று முதல் பேனலில் எழுதி வைக்கிறோம்."

இதிலும் தவறு தெளிவாகத்தான் இருக்கிறது: நேரம், மெஷின், செய்யாமல் விட்ட படி எல்லாம் உண்டு. வழக்கு என்று வந்தாலும் முதல் வகையைவிட இதுவே உறுதியாக நிற்கும், ஏனென்றால் "விதி 7" என்ற எண்ணுக்குப் பதில் அன்று நடந்ததே பதிவாகியிருக்கிறது. "உங்கள் விளக்கத்தையும் பார்த்த பின்" என்ற சொற்கள் சும்மா வந்தவை அல்ல. எச்சரிக்கையும் ஆளின் பதிவில் ஏறும் நடவடிக்கை. முன்னதாக விளக்கம் கேட்டு, பதிலுக்கு நாள் கொடுத்திருக்க வேண்டும். விளக்கம் வாங்காமல் அந்தச் சொற்களை மட்டும் எழுதினால் மெமோவே பொய்யாகிவிடும்.

மூன்றாம் வகையில் பலர் தயங்குவது கடைசி வாக்கியத்தில்: "நிர்வாகம் செய்வது என்று எழுதினால், இதுவரை செய்யவில்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாகாதா?" தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே இரண்டு பக்கமும் பேசியது. 111ஆம் பிரிவு, வேண்டுமென்றே தனக்கோ பிறருக்கோ ஆபத்து வரும்படி நடக்கக்கூடாது என்று தொழிலாளிக்குச் சொன்னது. 7ஏ பிரிவு, பாதுகாப்பான மெஷினும் பயிற்சியும் கொடுப்பதை நிர்வாகத்தின் கடமையாக்கியது. பேனல் பிரச்சினையை மெமோவில் மறைத்தால் அது மறையாது, அடுத்த விபத்தின் விசாரணையில் வேறொருவர் கையால் எழுதப்படும். எங்கள் கணக்கில், அந்த வாக்கியத்தை எழுதிவிட்டுச் செய்யாமல் விடுவதுதான் பெரிய அபாயம். எழுதிய நாளே பேனலில் அட்டை தொங்க வேண்டும்.

அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வி உண்டு. பூட்டு இருந்ததா? மூன்று ஆபரேட்டருக்கு ஒரு பூட்டு, அதன் சாவி டீமேக்கர் அறையில் என்றால், அந்த இரவில் பூட்டுப் போட வழியே இல்லை. பயிற்சிப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கிறதா? "இலை குவிஞ்சு கிடக்கு, சீக்கிரம் பாரு" என்று யாராவது குரல் கொடுத்தார்களா? இதில் எதற்காவது பதில் நிர்வாகத்தின் பக்கம் விழுந்தால், ஆபரேட்டருக்கு மெமோ எழுத வேண்டாம், சூப்பர்வைசரிடம் பேசுங்கள். ஆபரேட்டரே வந்து "இப்படி நடந்துபோச்சு" என்று சொல்லியிருந்தாலும் அப்படித்தான். சொன்னவருக்கே மெமோ போனால், அடுத்த தப்பித்தலை யாரும் சொல்லமாட்டார்கள்.

எல்லாத் தவறுக்கும் மூன்றாம் வகை தேவையும் இல்லை. தலைத்துணி கட்டாமல் வந்ததற்கு ஒரு பக்கம் எழுதினால் அடுத்த முறை யாரும் படிக்கமாட்டார்கள். அதற்கு முதல் வகையின் இரண்டு வரி போதும். இரண்டாம் வகையின் படமும் பேச்சும் ஷிஃப்ட் தொடங்கும்போது எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னால் வேலை செய்யும், ஒருவர் பெயர் போட்ட கடிதத்தில் செய்யாது.

கொடுக்கும் முறை எளிது. மெஷின் பக்கத்தில், ஷிஃப்ட் தொடங்குமுன், தனியாக வாசித்துக் காட்டுங்கள். தோட்டத்திலும் ஃபேக்டரியிலும் இப்போது ஜார்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள் நிறைய இருப்பதால், தமிழ் வாசிக்காதவருக்கு அவர் மொழியில் ஒரு பிரதி வேண்டும். மொழிபெயர்த்துச் சொன்னவரும் கையெழுத்துப் போட வேண்டும். "என்ன புரிந்தது?" என்று கேளுங்கள். "பூட்டுப் போடணும்" என்று மட்டும் பதில் வந்தால் மெமோ பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. "கரண்ட் வந்ததும் பேனல்ல இருக்கறவர் அழுத்திடுவாரு, அவரு கண்ணுக்கு என் கை தெரியாது" என்று வந்தால் கையெழுத்து வாங்கலாம்.