1,480 வெள்ளி போச்சு: வீட்டுக்கு நெட் கேபிள் இழுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மனசு ஆறாமல்தான் இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. டவுனில் கணினி, கைப்பேசி பழுது பார்த்து, வீட்டுக்கு வந்து கேபிளும் இழுத்துத் தரும் கடை என்று மட்டும் சொல்கிறேன். இந்த மாதிரிக் கடை உங்கள் ஊரிலும் இருக்கும்.

நாங்கள் இருப்பது பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம், சுற்றிலும் செம்பனை. தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது அண்ணனும் நானும் சேர்ந்து வாங்கிய நிலம் நீளவாக்கில் கிடக்கிறது. ரோட்டோரம் அண்ணன் வீடு, கடைசியில் என் வீடு. ஃபைபர் இணைப்பு அண்ணன் வீடு வரைக்கும்தான் வந்தது. என் மகள் எஸ்.டி.பி.எம். படிக்கிறாள். வைஃபை அங்கிருந்து எங்கள் வீடு வரை எட்டாது. அதனால் அண்ணன் வீட்டு மோடத்திலிருந்து ஒரு கேபிளை இழுத்து என் வீட்டில் ஒரு ரௌட்டர் வைத்துவிடலாம் என்று கடையில் போய்க் கேட்டேன்.

கடைக்காரருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். நம்ம ஆள். அவருடைய அப்பா எங்கள் பழைய தோட்டத்தில் மரம் வெட்டியவர். அதை அவரே சொல்லி, "அண்ணே, உங்க வீட்டு வேலை என் வீட்டு வேலை மாதிரி"ன்னு தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். தூரம் அதிகமாக இருக்குமே, சிக்னல் போகுமா என்று நான் கேட்கத்தான் செய்தேன். அவர் ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "இது கேட் 6 தரக் கேபிள், அண்ணே. கேட் 5இ-ன்னாதான் தூரம் போகாது. இந்தப் பெட்டியிலேயே 305 மீட்டர் இருக்கு, ஒரே இழுப்பா இழுத்துடலாம்." அப்புறம் இன்னொன்று சொன்னார்: "ரௌட்டருக்கும் ரௌட்டருக்கும் நடுவுல சாதா கேபிள் வேலை செய்யாது, கிராஸ் கேபிள் போடணும். அதுக்குத் தனியா 120." அப்பா பெயரைச் சொன்ன மனுஷன் பொய் சொல்வாரா என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். என் தப்பு அங்கேதான் தொடங்கியது.

கேபிள் 560, கிராஸுக்கு 120, பிவிசி குழாய் 300, கூலி 500. மொத்தம் 1,480 வெள்ளி. முழுப் பணத்தையும் வேலை முடிந்த அன்றே கையில் கொடுத்தேன். ரசீதில் 'கேபிள் வேலை' என்று ஒரே வரி.

முதல் நாள் காலையில் இணையம் வந்தது. மத்தியானம் வெயில் ஏறியதும் போய்விட்டது. ராத்திரி திரும்ப வந்தது. இப்படியே ஒரு வாரம். மகள் பாடத்தின் நடுவில் எழுந்துபோய் அண்ணன் வீட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்து படித்தாள். போன் போட்டேன். "ரெண்டு நாள்ல செட் ஆகிடும், அண்ணே." ரெண்டு நாள் கழித்து, "உங்க லைன் கம்பெனிக்காரன்கிட்ட கேளுங்க, நம்ம வேலையில குறை இல்ல." அண்ணன் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறதே என்றேன். அப்படியானால் என் ரௌட்டர் மட்டமாம், 260 வெள்ளிக்குப் புதுசு வாங்கணுமாம். அதற்கும் அடுத்த தடவை, "நடுவுல வெட்டி ஒரு ஜாயின்ட் வச்சா சிக்னல் புதுசா கிளம்பும், 80 வெள்ளி ஆகும்." பிறகு போன் எடுக்கவே இல்லை. நேரில் போனால் கடைப் பையன், "பாஸ் ஈப்போவுக்குப் போயிட்டாரு"ன்னு சொல்கிறான். உள்ளே இருந்து அவர் குரலே கேட்கிறது.

அந்த 80 வெள்ளியையும் கொடுத்திருப்பேன். நல்ல வேளை, அதற்கு முன் அக்கா மகனுக்குப் போன் போட்டேன். பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் கேபிள் வேலைதான் அவனுக்கு. சனிக்கிழமை வந்தான். முதலில் என் கணினியில் இதைத் தட்டச் சொன்னான்:

```
ping -n 100 192.168.1.1
```

அந்த எண் எங்கள் மோடத்தின் முகவரி, உங்கள் வீட்டில் வேறாக இருக்கலாம். மத்தியானம் இரண்டு மணிக்கு நூறு தடவை கேட்டதில் 31 தடவை பதிலே வரவில்லை. வெளி இணையத்துக்குப் போகவே இல்லை, அண்ணன் வீட்டு மோடம் வரைக்கும்தான் போய் வந்தது. லைன் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது அங்கேயே தெரிந்துபோனது.

அப்புறம் கேபிளின் மேல் தோலைப் பார்க்கச் சொன்னான். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு எண் அச்சடித்திருக்கிறது. இத்தனை நாள் அது கண்ணில் படவே இல்லை. அண்ணன் வீட்டு முனையில் 061, என் வீட்டு முனையில் 199. கழித்தால் 138 மீட்டர். "மாமா, கேட் 5இ ஆகட்டும், 6 ஆகட்டும், 6ஏ ஆகட்டும், செம்புக் கேபிளுக்குத் தூரம் 100 மீட்டர்தான். அதுலயும் 90 மீட்டர் சுவரோரம் போற நிலையான கேபிள், பாக்கி 10 மீட்டர் ரெண்டு பக்கமும் சொருகுற குட்டிக் கேபிள்."

கேட் எண் கூடினால் கூடுவது வேகம்தான், தூரம் இல்லை. கேட் 5இ 100 மீட்டருக்கு 1 ஜிகாபிட் கொண்டுபோகும். வீட்டுக்கு அதுவே தாராளம். 10 ஜிகாபிட் வேண்டும் என்றால் கேட் 6 ஏறக்குறைய 55 மீட்டர் வரைதான் தாங்கும், கேட் 6ஏ முழு 100 மீட்டருக்கும் தாங்கும். பெட்டியில் 305 மீட்டர் இருப்பது வெட்டி வெட்டிப் பல இடத்துக்கு இழுப்பதற்காக. கம்பியில் போகப் போக சிக்னல் தேயும், கம்பி சூடானால் இன்னும் தேயும். அந்த 100 மீட்டர்க் கணக்கே 20 டிகிரிச் சூட்டை வைத்துப் போட்டது. நம் வெயிலில் வேலியோரக் குழாய்க்குள் கிடக்கும் கேபிளுக்கு அதைவிடக் குறைவாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மத்தியானம் மட்டும் ஏன் அறுந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஜாயின்ட் கதையும் பொய். ஜாயின்ட் என்பது வெறும் இணைப்பு. மின்சாரம் வாங்கி ஓடும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் நடுவில் இருந்தால்தான் அங்கிருந்து 100 மீட்டர் புதிதாகத் தொடங்கும்.

அடுத்தது செம்பு. முனையில் ஒரு கம்பியை உரித்து பிளேடால் லேசாகச் சுரண்டினான். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கம்பி. சிசிஏ என்கிறார்கள். கேட் 6 தரத்துக்கு உள்ளே முழுச் செம்பு இருக்க வேண்டும், இது அந்தக் கணக்கிலேயே வராது. கேபிள் செய்தவன் மேலே மட்டும் கேட் 6 என்று அச்சடித்துவிட்டான். என் வீட்டு முனையில் ஆரஞ்சு ஜோடியின் இரண்டு கம்பியையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு, அண்ணன் வீட்டு முனையில் மல்டிமீட்டர் வைத்து அளந்தான். தரப்படி 100 மீட்டர் கம்பியின் மின்தடை 9.38 ஓமுக்கு மேல் போகக்கூடாது. எங்களுடையது போக 138, வர 138, மொத்தம் 276 மீட்டர். அதற்கு 26 ஓமுக்குள் வர வேண்டும். மல்டிமீட்டர் 38 ஓம் காட்டியது. கண்ணால் பார்த்தேன்.

கடைசியில் அந்தக் கிராஸ் கேபிள். இரண்டு முனையையும் கிளிப் கீழ்ப்பக்கம் இருக்கும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். இரண்டிலும் இடமிருந்து வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையும் ஒரே வரிசையில் இருந்தால் அது ஸ்ட்ரெயிட். கிராஸ் என்றால் ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறி, வெள்ளை-பச்சையில் தொடங்க வேண்டும். 120 வெள்ளி வாங்கிக்கொண்டு ஸ்ட்ரெயிட்டைத்தான் போட்டிருக்கிறார்! போட்டிருந்தாலும் தேவையே இல்லை என்பது வேறு. ஒரே வகைச் சாதனம் இரண்டை நேராக இணைத்தால், ஒன்று அனுப்பும் கம்பியிலேயே மற்றதும் அனுப்பும். ஒன்று அனுப்புவதை மற்றது கேட்பதற்காகத்தான் அந்தக் காலத்தில் மாற்றிப் போட்டார்கள். ஜிகாபிட் சாதனங்கள் வந்த பிறகு அவையே பார்த்து மாற்றிக்கொள்கின்றன. இன்றைக்கு வீட்டு வேலைக்குக் கிராஸ் கேபிள் என்று யாராவது தனிக் காசு கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இதையெல்லாம் படம் பிடித்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. மறுநாள் ஒரே வரி: "கேபிள் வேலைக்கு வாரண்டி இல்லை." என் 1,480 வெள்ளிக்கு அவ்வளவுதான் பதில். வீட்டுக்காரி பசார் மாலாமில் பலகாரம் போட்டுச் சேர்த்த காசும் அந்த 1,480-இல் இருக்கிறது.

இப்போது மருமகன் அதே குழாய் வழியே ஃபைபர் இழுத்துத் தருகிறேன் என்கிறான். இரண்டு முனையிலும் சின்ன மாற்றிப் பெட்டி வைக்க வேண்டும். 138 மீட்டர் ஃபைபருக்கு ஒரு தூரமே இல்லை, அதில் மின்சாரம் ஓடாததால் இடி மின்னலில் ஒரு வீட்டு அடி இன்னொரு வீட்டுக்குத் தாவாது. முதலிலேயே அதைத்தான் போட்டிருக்க வேண்டும்.

அவசரத்தில் எழுதுகிறேன், இதையாவது செய்யுங்கள். வீட்டுக்கு ஆள் வருவதற்கு முன் நீங்களே டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள், 90-ஐத் தாண்டினால் செம்புக் கேபிள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெட்டியைப் பிரித்ததும் உங்கள் கண்முன் ஒரு கம்பியைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். ரசீதில் முழுச் செம்பு, என்ன கேட், எத்தனை மீட்டர் என்று எழுதி வாங்குங்கள். பணத்தில் பாதியை ஒரு வாரம் ஓடிய பிறகு கொடுங்கள்.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட 5 வெள்ளிதான் கட்டணம், வக்கீல் வேண்டியதில்லை. திங்கட்கிழமை போகிறேன். வெட்டியெடுத்த கேபிள் துண்டு, மீட்டர் எண்ணோடு எடுத்த படம், 'கேபிள் வேலை' என்று மட்டும் எழுதிய அந்த ரசீது, மூன்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன்.