பீட்டா மல்டிப்ளையர் பயாஸ்: ஆறு வருடம் கூடவே இருந்த அனுபவம்

நான் வேலை செய்யும் அனலாக் பிளாக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆறு வருடமாக கரன்ட் கொடுப்பது இந்தச் சின்ன சர்க்யூட்தான். நான்கு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், அவ்வளவே. மேலே ஒரே அளவுள்ள M3, M4 என்ற பிமாஸ் ஜோடி மிரராக நின்று இரண்டு கிளைகளுக்கும் சமமான கரன்ட்டை அனுப்பும். கீழே என்மாஸ் ஜோடி. M2-வின் அகலம் M1-ஐப் போல K மடங்கு. M2-வின் சோர்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே R. M1-உம் M4-உம் டையோடாகக் கட்டப்பட்டவை.

ஒரே கரன்ட் ஓடும்போது அகலமான M2-வுக்குக் குறைந்த கேட்-சோர்ஸ் வோல்டேஜ் போதும். மிச்சம் R-இன் மேல் விழுகிறது. அந்த மிச்சம்தான் கரன்ட்டைத் தீர்மானிக்கிறது, கரன்ட்தான் அந்த மிச்சத்தையும் தீர்மானிக்கிறது. இரண்டும் ஒத்துப்போகும் இடம்:

```
I = (2 / (β R²)) (1 − 1/√K)²
```

β என்பது M1-உடையது. சமன்பாட்டில் சப்ளை வோல்டேஜ் எங்குமே இல்லை. முதல் வருடம் முழுக்க இதை அப்படியே நம்பினேன்.

என் வழக்கமான அளவு இது: β = 2 mA/V², K = 4, R = 5 கிலோஓம். கணக்குப் போட்டால் 10 மைக்ரோஆம்பியர் வரும். R-இன் மேல் 50 மில்லிவோல்ட். K = 4 என்றால் M1-இன் gm சரியாக 1/R ஆகிவிடும், சூடேறி மொபிலிட்டி குறைந்தாலும் அது அசையாது. இந்தச் சர்க்யூட்டை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணமே இதுதான். கரன்ட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. R இரண்டாம் அடுக்கில் இருப்பதால், ரெசிஸ்டர் 20% கூடினால் கரன்ட் சுமார் 30% குறையும். 20% குறைந்தாலோ 56% கூடிவிடும்.

சரி, சப்ளைக்கு வருவோம். சிப்பில் சப்ளையை மெல்ல ஏற்றிப் பார்த்தபோது கரன்ட்டும் கூடவே ஏறியது. சேனல் நீள மாற்றத்தால் வருவது தெரிந்ததுதான், ஆனால் இத்தனை ஏறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. λ வோல்ட்டுக்கு 0.1 என்றால் சாதாரண மிரர் ஒன்று வோல்ட்டுக்கு 10% பிழை காட்டும். இங்கே வருவது வோல்ட்டுக்கு 30%!

காரணம் லூப். சப்ளை ஏறினால் அந்த ஏற்றம் முழுவதும் M3, M2 இரண்டின் டிரெய்னில்தான் விழும். டையோடாகக் கட்டியவை தப்பித்துவிடும். M3 கூடுதலாகத் தள்ளும் கரன்ட் M1-இன் கேட்டை உயர்த்தும், அது M2-வை இழுக்கும், M4 வழியாக மறுபடி M3-க்கே வரும். இது பாசிட்டிவ் ஃபீட்பேக். K = 4 என்றால் லூப் கெயின் 2/3, ஆக நுழைந்த பிழை மூன்று மடங்காகிறது. M2 கிளையின் கரன்ட்டுக்குப் பொதுவாக எழுதினால்:

```
ΔI/I ≈ (λp + λn/√K) ΔVDD / (1 − 1/√K)
```

K-ஐ 9 ஆக்கினால் அதே λ-வுக்கு 30% என்பது 20% ஆகும். K-ஐ 1-க்குப் பக்கத்தில் வைப்பவர்கள் இந்தச் சமன்பாட்டின் வகுக்கும் பகுதியான 1 − 1/√K-ஐ ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

சேனலை நீளமாக்கிப் பார்த்தேன், ஓரளவு உதவியது. கேஸ்கோடு நன்றாக வேலை செய்தது, ஆனால் குறைந்த சப்ளையில் அதற்கு இடமில்லை. கடைசியில் நிலைத்தது ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர்: M1, M2 டிரெய்ன்களைப் பார்த்து பிமாஸ் கேட்டை ஓட்டி, இரண்டையும் ஒரே வோல்டேஜில் நிறுத்துகிறது. இப்போது M4 டையோடு அல்ல. சப்ளை ஏற்றம் பிமாஸ் இரண்டின் மேலும் சமமாக விழுவதால் மிரர் பிழை ரத்தாகிறது.

அப்புறம் ஒரு கூத்து. ஆம்ப்ளிஃபயர் இல்லாத ஒரு பழைய சிப்பில், துல்லியத்துக்காக R-ஐ வெளியே போர்டில் வைத்திருந்தேன். கரன்ட் கணக்கோடு ஒத்துவரவில்லை, ஒவ்வொரு முறையும் வேறு எண். ஸ்கோப்பை வைத்தால் ஆடிக்கொண்டிருந்தது. டிசி-யில் லூப் கெயினை 2/3-இல் பிடித்து வைப்பது R மட்டுமே. பின்னிலும் போர்டிலும் இருந்த பத்து பிகோஃபாரட் அளவு கெப்பாசிட்டன்ஸ் R-ஐ ஷார்ட் செய்தால் M2-வின் முழு gm வெளிப்பட்டு, கெயின் √K, அதாவது 2 ஆகிவிடும். நம் 5 கிலோஓமுக்கு மூன்று மெகாஹெர்ட்ஸ் பக்கமே அது தொடங்கிவிடுகிறது. சிமுலேஷனில் நான் அந்தக் கெப்பாசிட்டரைப் போடவே இல்லை. அடுத்த ரிவிஷனில் R உள்ளே போனது, டிரிம் பிட்களோடு.