அளவெடுத்துத் தைத்த அபாயா என்று சொல்லி ரெடிமேடை அனுப்பினார்கள்: 4,200 ரூபாய் போச்சு

கை நடுங்க நடுங்கத்தான் இதை எழுதுகிறேன். பெருநாளுக்கு முன்னால் நிறைய பேர் ஆன்லைனில் அபாயா ஆர்டர் கொடுப்பீர்கள். அதற்குள் இது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

சோஷியல் மீடியாவில் பேஜ் வைத்து, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, "உங்கள் அளவுக்குத் தைத்துத் தருகிறோம்" என்று விற்கிற ஒரு பெண்ணிடம் ஏமாந்திருக்கிறேன். கறுப்பு நிதா துணி, கை முனையில் கறுப்பு நூலிலேயே எம்பிராய்டரி, அதே துணியில் ஷால். துணிக்கும் வேலைப்பாட்டுக்கும் 3,600, அளவெடுத்துத் தைக்க 600. ஆக 4,200 ரூபாய். முழுப் பணமும் முன்கூட்டியே வேண்டும் என்றார், அனுப்பினேன். தங்கச்சி நிக்காஹ்வுக்குப் போட்டுக்கொள்ளத்தான் வாங்கினேன்.

ஏன் நம்பினேன் என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். அவர் அளவெடுக்கச் சொன்ன விதத்தைப் பார்த்திருந்தால் யாருமே நம்பியிருப்பார்கள்.

நானாக அளந்து அனுப்புகிறேன் என்றபோது, "வேணாம் சிஸ்டர், வீடியோ கால்ல வாங்க, நான் சொல்ற மாதிரி அளங்க" என்றார். உம்மா டேப்பைப் பிடித்தார், போனை அலமாரியில் சாய்த்து வைத்தோம். முதலில் நிக்காஹ் அன்றைக்குப் போடப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னார். அப்புறம் டேப்பின் நுனியைத் தோள் முனையில் வைத்த உம்மாவைத் தடுத்து, "அங்கே இல்லைமா, கழுத்தும் தோளும் சேருற இடத்துல வைங்க" என்றார். தோள் சரிந்து இறங்குவதால் அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே ஒன்றரை இஞ்ச் வரை வித்தியாசம் வரும், அபாயாவுக்கு 52, 54, 56 என்று சொல்கிற சைஸ் எல்லாம் கழுத்தோரத்தில் இருந்து கீழ்விளிம்பு வரை உள்ள உயரம்தான் என்று விளக்கினார். டேப் மார்புக்கு மேலே படிந்து இறங்கித் தரையைத் தொட வேண்டும், முதுகுப் பக்கம் அளந்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும் என்றார். எல்லாம் சரியான பேச்சு.

தரை வரைக்கும் 55 இஞ்ச் வந்தது. "எதுல போவீங்க சிஸ்டர்?" என்று கேட்டார். பஸ், ஆட்டோ என்றேன். அப்படியானால் தரையில் இருந்து ஒரு இஞ்ச் போதும், விளிம்பு மண்ணைப் பெருக்காது, கணுக்காலும் நன்றாக மறையும், ஸ்கூட்டி ஓட்டுகிறவர்களுக்குத்தான் இரண்டு இஞ்ச் விடுவோம் என்றார். 54 என்று முடிவானது. தைத்து முடித்த பிறகு 54 இருக்க வேண்டும், மடிப்புக்கு இரண்டு இஞ்ச், தோள் தையலுக்கு அரை இஞ்ச் தனியாகச் சேர்த்து வெட்டுவோம் என்று அவராகவே சொன்னார். பின்னால் பிரித்து இறக்க வேண்டி வந்தாலும் உள்ளே துணி இருக்குமாம்.

கைக்கு இன்னும் பொறுமையாகச் சொன்னார். நான் கேட்ட மாடலில் கையைத் தோளோடு இணைக்கிற தையல் கிடையாது, உடம்பும் கையும் ஒரே துண்டு. அதனால் கை நீளத்தைத் தோளில் இருந்து அளக்க முடியாது. பின்கழுத்து எலும்பில் தொடங்கி, முழங்கையை லேசாக மடித்து, மணிக்கட்டு தாண்டும் வரை அளக்க வேண்டும். 30 வந்தது. கை லூஸுக்கு, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி விரல் மூட்டுகளைச் சுற்றி அளக்கச் சொன்னார். எட்டரை. "அது கை உள்ளே நுழையத்தான். உளூ செய்ய முழங்கைக்கு மேல ஏத்தணும்ல, முழங்கையை மடக்கி அதைச் சுத்தி அளங்க" என்றார். 11 வந்தது. ஒரு இஞ்ச் கூட்டி 12. "சுற்றளவு 12னு எழுதி அனுப்புங்க, வெறும் 12னு எழுதினா மாஸ்டர் மடிச்ச அளவுன்னு நெனச்சு 24 வெச்சிடுவார்" என்றார்.

உளூவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவராகச் சொன்னார். அந்த நிமிடத்தில்தான் என் மனசு முழுசாக அவரை நம்பியது. வீடியோ கால் முடிந்த கையோடு 4,200 ரூபாயையும் போட்டுவிட்டேன்.

பார்சல் நிக்காஹ்வுக்கு முந்தின வாரம் வந்தது. போட்டுப் பார்த்ததும் கண்ணாடியில் தெரிந்துவிட்டது. அதே செருப்போடு நிற்கும்போது விளிம்பு தரையில் இருந்து மூன்று இஞ்ச் மேலே நிற்கிறது. அசையாமல் நின்றால் கணுக்கால் எலும்பு எப்படியோ மறைகிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கினேன், கையும் உடம்பும் ஒரே துண்டு என்பதால் மொத்த அபாயாவும் மேலே ஏறி, சல்வார் காலும் கணுக்காலும் வெளியே தெரிந்தன. கழற்றிக் கட்டிலில் விரித்து, கழுத்தோரத்தில் இருந்து அளந்தால் சரியாக 52.

கை முனையைத் தட்டையாக வைத்து அளந்தால் நாலரை, அதாவது சுற்றளவு ஒன்பது. கை நுழைகிறது, ஆனால் முன்கையின் பாதியில் இறுகி நின்றுவிடுகிறது. முழங்கைக்கு மேல் ஏறவே ஏறாது. உளூ செய்ய வேண்டுமென்றால் அபாயாவையே கழற்ற வேண்டும், கல்யாண மண்டபத்தில் அது நடக்கிற காரியமா?

உள்பக்கத்தைத் திருப்பியபோதுதான் விஷயம் புரிந்தது. பின்கழுத்தில் லேபிளைக் கத்தரித்து எடுத்த அடையாளம்: வெள்ளைப் பட்டியின் சின்னத் துண்டு ஒன்று தையலுக்குள் மாட்டியிருந்தது, அதில் 2 என்ற எண்ணின் பாதி. கீழே அவர் சொன்ன இரண்டு இஞ்ச் மடிப்பு இல்லை, மிஷினில் சுருட்டி அடித்த அரை இஞ்ச் மடிப்புதான். பக்கத் தையலிலும் துணி விடாமல் ஓவர்லாக்கில் ஒட்ட வெட்டியிருந்தது. அளவுக்குத் தைக்கிற டெய்லர் பெரும்பாலும் உள்ளே இப்படித் துணி விடாமல் முடிக்க மாட்டார். இது கடைகளுக்கு மொத்தமாகப் போகிற 52 சைஸ் ரெடிமேட். லேபிளைக் கத்தரித்து, என்னிடம் 600 ரூபாய் தையல் கூலியும் வாங்கி அனுப்பியிருக்கிறார்.

டேப்போடு சேர்த்துப் போட்டோ எடுத்து அனுப்பினேன். வந்த பதில்களைப் படியுங்கள்.

"சிஸ்டர், நாங்க தோள் முனையில இருந்துதான் 54 எடுப்போம்." கழுத்தோரத்தில் வை என்று வீடியோ காலில் சொன்னவரே இதைச் சொல்கிறார். சரி, அவர் சொன்னபடியே வைத்துப் பார்ப்போம். தோள் முனையில் இருந்து 54 இருந்தால், கழுத்தோரத்தில் இருந்து இன்னும் கூடுதலாக அல்லவா வர வேண்டும்? தோள் முனையில் இருந்து அளந்தால் ஐம்பதரைதான் வருகிறது. அந்தப் போட்டோவையும் அனுப்பினேன். பதில் இல்லை.

அடுத்த நாள், "துவைச்சீங்களா? துணி சுருங்கியிருக்கும்" என்றார். தண்ணீரே படாத துணி. அதுவும் நிதா பாலியஸ்டர், ரேயான் மாதிரி முதல் துவைப்பில் இரண்டு இஞ்ச் சுருங்கிப் போகிற துணியே இல்லை. கை ஏன் ஒன்பது என்று கேட்டதற்கு, "இப்ப டைட் கைதான் சிஸ்டர் ட்ரெண்ட்." லேபிள் துண்டைப் பற்றிக் கேட்டதற்கு, "அது துணி கம்பெனி லேபிள்." தானில் வருகிற துணிக்குப் பின்கழுத்தில் யார் சைஸ் லேபிள் வைப்பார்கள்?

கடைசியாக, "கஸ்டமைஸ் பண்ணின பீஸுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்றார். கஸ்டமைஸ் செய்யவே இல்லையே என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது. அதற்குப் பிறகு அவருடைய புரொஃபைல் போட்டோ எனக்குத் தெரியவில்லை. பேஜில் நான் போட்ட கமெண்ட்டும் இல்லை. தங்கச்சி போனில் பார்த்தால் அதே பேஜில் "பெருநாள் ஆர்டர் ஓப்பன்" என்று ஸ்டோரி ஓடுகிறது. 4,200 ரூபாயை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளுக்கு ரெடியாகிவிட்டார்.

எங்கள் தெரு டெய்லரிடம் எடுத்துப் போனேன். கீழே பிரித்தாலும் தேவையான இரண்டு இஞ்ச் கிடைக்காது, மூன்று இஞ்சில் பட்டி வைத்து இறக்கலாம், ஆனால் இந்தக் கறுப்போடு ஒத்துப்போகிற கறுப்பு கிடைப்பது கஷ்டம் என்றார். நாலைந்து கறுப்புத் துண்டுகளை வெயிலில் வைத்துக் காட்டினார். ஒன்று பழுப்படித்தது, ஒன்று நீலமடித்தது. கையை அகலப்படுத்த அடித்தையலைப் பிரித்துத் தனித்துணி செருக வேண்டும், அப்படிச் செருகினால் எம்பிராய்டரி ஓட்டம் நடுவில் அறுந்து நிற்கும். 4,200 ரூபாய் அபாயா அலமாரியில் தொங்குகிறது. நிக்காஹ்வுக்குப் பழையதைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். என் கையில் இருப்பது பணம் போன ஸ்கிரீன்ஷாட்டும் சாட்டும் மட்டும்தான். பில் இல்லை, முகவரி இல்லை.

எப்படி அளப்பது என்று படம் போட்டு விளக்கமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் வீடியோ காலில் சொல்லிக்கொடுத்த அளவு முறை சரிதான், அப்படியே அளங்கள். ஆனால் "கழுத்தோரத்தில் இருந்து, தைத்து முடித்த உயரம் இத்தனை, கை முனை சுற்றளவு இத்தனை" என்று எழுத்தில் அனுப்பி, அதற்குச் சம்மதம் என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வீடியோ காலில் பேசியதற்கு அத்தாட்சி கிடையாது. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். அனுப்புவதற்கு முன்னால் அபாயாவை விரித்து டேப் வைத்த போட்டோ, கீழ் மடிப்பை உள்பக்கம் திருப்பிய போட்டோ, பின்கழுத்துப் போட்டோ மூன்றையும் கேளுங்கள். மடிப்பு அரை இஞ்ச்தான் என்றால் அது உங்களுக்காகத் தைத்ததாக இல்லாமல் இருக்கலாம், விசாரிக்காமல் மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

இதே மாதிரி லேபிள் கத்தரித்த அபாயா யாருக்காவது வந்திருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.