தலைக்கு 500-ஆ, பெயரில்லாத உறையா?

நாகர்கோவிலில் எங்கள் அலுவலகத்தில் உதவியாளராக இருந்த அண்ணன் மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். பரிசு வாங்க வசூல் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. நாங்கள் 14 பேர். ஆளுக்கு 500 என்று முடிவு செய்வதா, உறையில் அவரவர் இஷ்டம்போலப் போடச் சொல்வதா?

ஆளுக்கு 500 என்றால் 7,000 ரூபாய் வரும் என்று முன்னாலேயே தெரிந்துவிடும். அதைத் தாண்டி அதில் ஒன்றுமில்லை. முந்தைய வசூலில் பெயர், தொகை, கையெழுத்து என்று ஒரு தாள் மேசை மேசையாகச் சுற்றியது. தினக்கூலியில் இருக்கும் அக்கா ஒருவர் என்னிடம் 300 கைமாற்று வாங்கித்தான் அதில் 500 என்று எழுதினார்.

அதனால் இந்த முறை உறை. சம்பளம் வந்த மறுநாள் ஒரே மாதிரியான 14 பழுப்பு உறைகளைக் கொடுத்தேன். பெயர் எழுதக் கூடாது, காலி உறையும் போடலாம். ஓட்டை விழுந்தது நான் எதிர்பார்க்காத இடத்தில். "சாரே, ஜிபே பண்ணட்டா?" என்று நாலு பேர் கேட்டார்கள், சரி என்றுவிட்டேன். அனுப்பியவர் பெயரும் தொகையும் என் போனில் வந்து நின்றன. அந்த நாலு பேருக்கும் உறை வெறும் பேச்சாகிவிட்டது. அடுத்த முறை ரொக்கம் மட்டும்தான்.

இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரித்தோம். ஜிபேயில் வந்த நாலையும் சேர்த்து, இரண்டு பேர் 1,000, ஐந்து பேர் 500, நான்கு பேர் 300, இரண்டு பேர் 200, ஒருவர் 100. ஆக 6,200. ஆளுக்கு 500 வாங்கியிருந்தால் வந்திருப்பதைவிட 800 குறைவு, அவ்வளவுதான்.

சிலர் தங்கம் என்றார்கள். திரும்ப விற்க அதற்கு ஈடில்லை, மறுக்கவில்லை. ஆனால் இன்றைய விலை எல்லோருக்கும் தெரியும். பார்த்ததும் மனசுக்குள் 14-ஆல் வகுத்துவிடுவார்கள். வசூலுக்கும் வாங்குவதற்கும் நடுவில் விலை ஏறினால், செய்கூலியும் வரியும் சேர்ந்து துண்டு விழும். அதை யாராவது ஒருவர் போட்டு நிரப்பினால், பரிசு அவருடையது போல ஆகிவிடும்.

நாங்கள் முடிவு செய்தது சாய்வு நாற்காலி. அண்ணன் வீடு முட்டத்தில், கடலுக்குப் பக்கம். இரும்புச் சட்டம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்பதால் ஆசாரியிடம் அயினி மரத்தில் செய்யச் சொன்னோம். மூன்று வாரம் ஆயிற்று. துணி நைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். விலை 5,600. மீதி 600-உடன் ஒரு ரூபாய் நாணயம் சேர்த்துக் கவரில் வைத்தோம்.

60 பேர் உள்ள அலுவலகத்தில் இந்த உறை முறை சரிப்படுமா என்று என்னால் சொல்ல முடியாது. காலி உறைகள் கூடிவிடலாம்.

வாழ்த்து அட்டையில் பெயர்களைப் பதவி பார்க்காமல் அகர வரிசையில் எழுதினோம். அதிகாரியின் பெயர் பதினொன்றாவதாக வந்தது.